முழங்காலின் வெளிப்பக்க வலி: சவ்வா, தொடைப் பட்டையா?

கேள்வி: “வயது 27. முள்ளியவளையில் இருக்கிறேன். ஓடத் தொடங்கி மூன்று, நான்கு கிலோமீற்றர் கழிந்ததும் வலது முழங்காலின் வெளிப்பக்கம் குத்துகிறது. நின்றுவிட்டால் போய்விடுகிறது. சைக்கிளில் நீண்ட தூரம் போனாலும் அதே இடத்தில் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சவ்வு கிழிந்திருக்கும் என்கிறார் ஒருவர், தொடைப் பட்டை உராய்கிறது என்கிறார் இன்னொருவர். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

முதலில் எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சவ்வு என்று நாம் சொல்லும், மூட்டுக்குள் எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும், தொடையின் வெளிப்பக்கப் பட்டையும் எக்ஸ்ரேயில் தெரியாதவை. படம் சுத்தமாக இருப்பதால் எலும்பில் பெரிய பழுது இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். நீங்கள் கேட்கும் இரண்டில் எது என்பதற்கு அந்தப் படத்தில் பதில் கிடையாது. அந்தப் பதில் வலி எப்போது வருகிறது, விரல் நுனியால் தொட்டால் எந்த இடத்தில் நோகிறது, முழங்கால் எந்த மடிப்பில் இருக்கும்போது நோகிறது என்ற மூன்று விவரங்களில் இருக்கிறது. நான் வன்னியில் பல வருடங்களாக வேலை செய்யும் இயன்மருத்துவர். உங்கள் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே ‘இதுதான்’ என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒழுங்கு பட்டைப் பக்கமே அதிகம் சாய்கிறது. ஏன் என்று விளக்குகிறேன்.

இலியோடிபியல் பட்டை என்பது இடுப்பெலும்பின் பக்கத்திலிருந்து தொடையின் வெளிப்பக்கம் முழுவதும் இறங்கி, முழங்காலைத் தாண்டி, முன்கால் எலும்பின் மேல்முனையில் வெளிப்புறமாக ஒட்டிக்கொள்ளும் தடித்த நார்ப்பட்டை. மேலே பிட்டத்துப் பெருந்தசையும் இடுப்பின் முன்பக்கத்துச் சிறு தசை ஒன்றும் அதை இழுத்துப் பிடிக்கின்றன. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு முண்டு இருக்கிறது. பட்டை அதன் மேலாகத்தான் போகிறது. கால் நேராக இருக்கும்போது பட்டை முண்டுக்கு முன்னே நிற்பதுபோலத் தெரியும். நன்றாக மடக்கும்போது பின்னே போவதுபோலத் தெரியும். இந்த மாற்றம் நிகழும் இடம் ஏறத்தாழ 30 பாகை மடிப்பு. காலை முற்றாக நீட்டினால் 0 பாகை, நாற்காலியில் இருந்தால் 90 பாகை என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மடிப்பில்தான் பட்டைக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் இழையம் அதிகமாக நசுங்குகிறது.

நிதானமாக ஓடுகிறவரின் பாதம் நிலத்தில் பதிந்த உடனே உடல் எடையை ஏற்கும் முழங்கால், ஏறத்தாழ இந்த மடிப்பினூடாகத்தான் போகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு கால் ஐயாயிரம் தடவை அளவில் நிலத்தைத் தொடும். ஒவ்வொரு தடவையும் நசுங்குவது சிறிதளவுதான். ஆனால் அது சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளவருக்கு முதல் கிலோமீற்றரில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு குறிப்பிட்ட தூரத்தில், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் அதே தூரத்தில், வலி தொடங்கும். தொடங்கியபின் ஓடி ஓடிக் கரைக்கவும் முடியாது, கூடிக்கொண்டே போகும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். வலி வரும் தூரத்தை நோயாளியே முன்கூட்டிச் சொல்ல முடிவதை நான் மிகப் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன். சவ்வுக் கிழிசலுக்கு இப்படித் தூரக் கணக்குக் கிடையாது. அது முதல் அடியிலும் குத்தும், அரை மணி நேரம் சும்மா இருந்து எழும்பும்போதும் குத்தும்.

மருத்துவப் புத்தகங்கள் இன்னொரு அடையாளத்தையும் சொல்கின்றன. மலைச்சரிவில் இறங்கி ஓடும்போது வலி கூடும் என்பது அது. நம்மிடம் மலை எங்கே? மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஓடினாலும் சரிவென்று சொல்ல ஒன்றும் வராது. எனவே அந்தக் கேள்வியை இங்கே வேறு விதமாகத்தான் கேட்க வேண்டும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது எப்படி இருக்கிறது? மாடிப்படியில் ஏறுவது நோகிறதா, இறங்குவது நோகிறதா? பட்டை வலியில் பெரும்பாலும் இறங்குவதுதான் நோகும். எடையைத் தாங்கியபடி முழங்கால் மெதுவாக அந்த 30 பாகையைக் கடந்து மடிய வேண்டியிருப்பது காரணம். இந்த வலியுள்ளவர்கள் தங்களை அறியாமலே காலை விறைப்பாக வைத்து, முழங்காலை மடிக்காமல் இறங்குவார்கள். அப்படி நடந்தால் வலி குறைகிறது என்று அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

இரணைமடுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் கதையைச் சொன்னால் இவையெல்லாம் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பது விளங்கும். 5,000 மீற்றர் ஓடுகிறவர். மாகாணப் போட்டிக்காகத் தூரத்தைக் கிடுகிடுவென்று கூட்டியிருந்தார். ஒரு மாதத்துக்குள் நாளாந்த ஓட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. இடது முழங்காலின் வெளிப்பக்கம் மூன்றாவது கிலோமீற்றரில் வலி. ஆனால் 400 மீற்றரை முழு வேகத்தில் ஓடச் சொன்னால் எந்த நோவும் இல்லாமல் ஓடி முடித்துவிடுவார். “வேகமாக ஓட முடிகிறது, மெதுவாக ஓட முடியவில்லையாம். நடிக்கிறாள்” என்று பயிற்றுநர் கோபித்துக்கொண்டார். தாயாரும் அதையே நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்தப் பிள்ளை நடிக்கவில்லை. வேக ஓட்டத்தில் பாதம் பதியும்போதே முழங்கால் 30 பாகையைத் தாண்டி மடிந்திருக்கும். நசுங்கும் இடத்தில் எடை அதிக நேரம் நிற்பதில்லை. மெதுவான நீண்ட ஓட்டத்தில்தான் அந்த மடிப்பில் எடை வந்து விழுகிறது. வேகமாக ஓடினால் நோகவில்லை, ஆறுதலாக ஓடினால் நோகிறது என்று ஒருவர் சொன்னால் அவரைச் சந்தேகிக்காதீர்கள். அவர் பட்டை வலியின் நல்லதோர் அடையாளத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேசையில் படுக்க வைத்துப் பரிசோதித்தேன். வீக்கம் இல்லை. முழங்கால் முழுதாக நீண்டது, முழுதாக மடிந்தது. குந்தியிருந்து எழும்பச் சொன்னேன், நோகவில்லை. மூட்டு இடுக்கை அழுத்தினேன், அங்கும் நோகவில்லை. எலும்பு முண்டை அழுத்தியபோது மட்டும் முகத்தைச் சிறிது சுளித்தார். ஆனால் ‘ஓடும்போது வருவது இதுதானா?’ என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் ஓய்வில் இருந்து வந்ததே அதற்குக் காரணம். ஆகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வலி வரும்வரை வெளியே ஓடிவிட்டு வரச் சொன்னேன். நொண்டிக்கொண்டு வந்தவரை உடனே படுக்க வைத்து அதே இடத்தை அழுத்தியபடி காலை மெதுவாக நீட்டினேன். 90 பாகையில் பேசாமல் இருந்தவர், கால் முக்கால்வாசி நீண்ட கட்டத்தில் “இதுதான், இதுதான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேலும் நீட்டியதும் வலி குறைந்தது. எந்த ஸ்கானும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு நோபிள் அழுத்தச் சோதனை என்று பெயர். நீங்கள் வீட்டிலேயே ஒருவரின் உதவியோடு செய்து பார்க்கலாம். ஓடி வலி வந்த உடனே செய்யுங்கள், மறுநாள் காலையில் செய்து ஒன்றும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை 90 பாகைக்கு மடியுங்கள். முழங்கால் சிரட்டைக்குக் கீழே இரு பக்கமும் மெதுவான குழி தெரியும். வெளிப்பக்கக் குழியிலிருந்து விரலைப் பின்னோக்கி நகர்த்தினால் அகப்படும் இடுக்கு, தொடை எலும்பும் முன்கால் எலும்பும் சந்திக்கும் மூட்டு இடுக்கு. அதற்கு ஏறத்தாழ இரண்டு விரல் அகலம் மேலே, பக்கவாட்டில், கடினமாகத் தட்டுப்படுவது நான் சொன்ன முண்டு. உதவுகிறவர் அந்த முண்டின் மேல் பெருவிரலை உறுதியாக வைத்து, மற்றக் கையால் உங்கள் குதிக்காலைப் பிடித்துக் காலை மெல்ல நீட்டட்டும். நீங்கள் காலைத் தளர விட்டிருக்க வேண்டும். 30 பாகை அளவில், ஓடும்போது வருகிற அதே வலி வந்தால் பட்டைதான் என்ற ஊகம் பலமாகிறது. மற்றக் காலிலும் அதே பலத்தோடு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் அந்த முண்டை ஓங்கி அழுத்தினால் நல்ல காலும் நோகும். ஏதோ ஒரு நோவு தெரிவது போதாது. ‘அதே வலி’ என்று நீங்கள் அடையாளம் காண வேண்டும். இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் சரியல்ல. தூரக் கணக்கும் வலிக்கும் இடமும் அதனோடு சேர்ந்து வந்தால்தான் நான் நம்புவேன்.

வலிப்பது முண்டில் அல்லாமல் மூட்டு இடுக்கிலேயே என்றால் சவ்வை நினைக்க வேண்டும். சவ்வுக்கு வேறு கதை இருக்கும். பாதம் நிலத்தில் நிற்க உடல் திரும்பிய ஒரு கணம் நினைவில் இருக்கும். பிறகு வீங்கியிருக்கும். ஆழமாகக் குந்தியிருக்கும்போது குத்தும். சில வேளை கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீளாமல் நிற்கும். பட்டை வலிக்காரர் பெரும்பாலும் வயலில் குந்தியிருந்து நாற்று நடுவார், எழும்புவார், ஒன்றும் ஆகாது. 30 பாகையை ஒரு நொடியில் கடந்துவிடுவதால் அப்படி. வலி முழங்காலின் பின்வெளிப்புறத்தில், கையால் பிடிக்கக்கூடிய கயிறு போன்ற தசைநாணிலும் அது போய் ஒட்டும் சிறு எலும்பின் தலையிலும் என்றால் அது பின்தொடைத் தசையின் இணைப்பு. சிரட்டைக்குப் பின்னால் மந்தமாக நொந்து, பஸ்ஸில் நெடுநேரம் காலை மடித்து இருக்கும்போது கூடினால் அது சிரட்டை மூட்டின் வலி. முழங்காலுக்குப் பின்னே ஆழத்தில் ஓடும் பொப்லிற்றியஸ் என்ற சிறு தசையின் நோவுதான் எனக்குச் சிரமம் தருவது. அதுவும் இறங்கும்போது நோகும், இடமும் முண்டுக்கு மிக அருகே. கையால் மட்டும் இந்த இரண்டையும் பிரித்தறிவது அனுபவம் உள்ளவர்களுக்கும் எளிதல்ல. நல்லவேளை, முதல் சில வாரச் சிகிச்சை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

உராய்வு என்ற விளக்கத்துக்கு வருகிறேன். 1975இல் ரென் என்ற அமெரிக்கப் படை மருத்துவர், பயிற்சியில் இருந்த மரைன் படையினரிடம் கண்ட வலியை விவரித்து, பட்டை எலும்பு முண்டின் மேல் முன்னும் பின்னுமாக உராய்வதே காரணம் என்று எழுதினார். அது நெடுங்காலம் அப்படியே ஏற்கப்பட்டிருந்தது. 2006இல் ஃபெயர்குளோவும் அவரது குழுவினரும் உடற்கூற்று ஆய்வில், பட்டை அந்த இடத்தில் தொடை எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருப்பதைக் காட்டி, அது இங்கும் அங்கும் வழுக்க வழியில்லை என்று வாதிட்டார்கள். முழங்கால் மடியும்போது இழுவிசை பட்டையின் முன் இழைகளிலிருந்து பின் இழைகளுக்கு மாறுகிறது, அதுவே நகர்வதுபோலத் தோன்றுகிறது, உண்மையில் நோவது பட்டைக்கு அடியில் நசுங்கும், நரம்புகள் நிறைந்த கொழுப்பு இழையம் என்பது அவர்கள் கருத்து. இந்த விவாதம் முழுதாக முடியவில்லை, ஆனால் நான் நசுங்கல் பக்கமே நிற்கிறேன். நோயைக் கண்டறிவதில் இதனால் எந்த மாற்றமும் இல்லை, இடமும் மடிப்பும் அதேதான். மாறுவது சிகிச்சை. நசுங்கி நொந்திருக்கும் இடத்தில் போத்தலை வைத்து உருட்டுவதும், எண்ணெய் போட்டு அமுக்கித் தேய்ப்பதும் நசுங்கலைக் கூட்டத்தான் செய்யும். தேய்க்க வேண்டும் என்றால் மேலே, பிட்டத்திலும் தொடைத் தசையிலும் தேய்க்கட்டும். முண்டைத் தொட வேண்டாம். பட்டையையே இழுத்து நீளமாக்கலாம் என்பதையும் நான் நம்பவில்லை. அது அவ்வளவு எளிதில் நீளும் பொருள் அல்ல.

வீதி ஓரச் சரிவு பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். நமது தார் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தவை. வாகனத்தை எதிர்கொண்டு எப்போதும் வலது ஓரத்திலேயே ஓடினால் ஒரு கால் தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் பதியும். தாழ்ந்த பக்கத்துக் காலுக்குத்தான் வலி வரும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இதை நான் உறுதியான காரணமாகச் சொல்லமாட்டேன். ஆனால் சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு வாரம் சமதரையான மைதானத்திலோ குளக்கட்டின் மேலோ ஓடுங்கள். வலி வரும் தூரம் தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். குளக்கட்டின் மேல் ஓடலாம், சரிவில் ஏறி இறங்க வேண்டாம்.

சைக்கிளில் காரணம் பெரும்பாலும் சீற்றின் உயரம். சாதாரணமாக மிதித்தால் நிமிடத்துக்கு 60 சுற்று, மணிக்கு 3,600 தடவை முழங்கால் மடிந்து நீள்கிறது. சீற்று உயரமாக இருந்தால் மிதி கீழே போகும் ஒவ்வொரு தடவையும் கால் அந்த 30 பாகைக்குள் நீண்டுவிடுகிறது. அந்த மாணவி பாடசாலைக்கு அண்ணனின் சைக்கிளில் போய்வந்தார். சீற்றுக் கம்பி துருப்பிடித்து இறுகிப்போனதால் யாரும் அதைப் பதிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்தபோது, எட்டாத மிதியைத் தேடி இடுப்பு இடமும் வலமும் ஆடியது தெளிவாகத் தெரிந்தது. உங்கள் சைக்கிளையும் யாராவது பின்னால் நின்று பார்க்கட்டும். இடுப்பு ஆடினால் சீற்று உயரம். ஆடாவிட்டாலும், குதிக்காலை மிதியில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நிற்கும் அளவே மேல் எல்லை என்று கொள்ளுங்கள். வலி இருக்கும்வரை அதிலிருந்து ஒரு விரல், ஒன்றரை விரல் இறக்கியே வைத்திருங்கள். மிகவும் இறக்கினால் சிரட்டையின் பின்னால் நோகத் தொடங்கும், அதுவே கீழ் எல்லை. சீற்று அதிகம் பின்னுக்குத் தள்ளியிருந்தாலும் கால் அதே அளவு நீண்டுவிடும், அதையும் பாருங்கள்.

மாணவிக்குச் செய்தது இவ்வளவுதான். சைக்கிள் கடையில் மண்ணெண்ணெய் விட்டுக் கம்பியைத் தளர்த்திச் சீற்றைப் பதித்தார்கள். மெதுவான நீண்ட ஓட்டத்தை வலி வரும் தூரத்துக்கு வெகு முன்னரே, ஒன்றரை கிலோமீற்றரில் நிறுத்தினோம். வலியில்லாத குறுந்தூர வேக ஓட்டத்தை விட்டுவைத்தோம். ஒருக்களித்துப் படுத்து மேற்காலைச் சற்றுப் பின்னுக்கு வைத்து உயர்த்தும் பயிற்சியும், ஒற்றைக் காலில் நின்று இடுப்பைச் சமமாக வைத்திருக்கும் பயிற்சியும் ஒன்றுவிட்ட நாள்களில் கொடுத்தேன். ஓடும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிவதும் முழங்கால் உள்ளே வருவதும் பட்டையை இறுக்குகின்றன என்பதே அதற்கான நியாயம். பலருக்கு இது பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இடுப்புத் தசை பலவீனமே மூலகாரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டச் சொன்னேன். முதல் மூன்று வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு வாரமும் அரை கிலோமீற்றராகக் கூட்டி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பழைய தூரத்துக்குப் போனார். அந்த வருடப் போட்டி மட்டும் தவறிப்போனது.

வீக்கம், பூட்டிக்கொள்ளுதல், கால் திடீரென்று நிலை தவறுதல், ஓய்விலும் இரவிலும் வலி, காய்ச்சல், பாதத்தின் மேற்புறம் மரத்துப்போதல் அல்லது பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்னவற்றை ஒதுக்கிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்தியரைக் கண்டு இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். ஆறு, எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் தூரம் சற்றும் கூடவில்லை என்றாலும் அப்படித்தான். ஊசி போடுவது, ஸ்கான் எடுப்பது பற்றிய பேச்சு அந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும்.

இன்னொன்று, நம் பகுதியில் கட்டாயம் கேட்க வேண்டியது. உங்கள் வயதில் உள்ள பலருக்குச் சிறு வயதில் பட்ட ஷெல் துண்டு இன்னும் காலில் இருக்கிறது. முழங்காலின் வெளிப்பக்கம், பின்தொடைத் தசை போய் ஒட்டும் அந்தச் சிறு எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகே போகிறது. அதனருகே பழைய காயம் இருந்தால் ஓட்டத்தில் வரும் வலி பட்டையைச் சேர்ந்ததாக இல்லாமலும் போகலாம், நோபிள் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. காயத்தில் எலும்பு உடைந்து கூடியிருந்தால் இரண்டு காலின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எப்போதாவது எழுதித் தந்தால், உடலின் எந்த இடத்தில் துண்டு இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், அறைக்குள் போகும் முன்னரே சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது. ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கையோடு கொண்டு போங்கள், படம் எடுத்த பகுதியில் துண்டு இருந்தால் அதில் தெரியும்.